ஊரில் மனை வாங்குமுன்: கூட்டுப்பட்டாவை வரிவரியாகப் படிப்பது எப்படி

சிங்கப்பூரில் நில ஆணையத்தின் பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தால் அவர்தான் உரிமையாளர். அரசாங்கப் பதிவே அதற்கு உத்தரவாதம். அதே பழக்கத்தில் தமிழ்நாட்டுப் பட்டாவைப் பார்த்து, "பெயர் இருக்கிறதே, போதாதா?" என்று முன்பணம் கொடுப்பவர்கள்தான் பிறகு அலைகிறார்கள். பட்டா வருவாய்த்துறையின் பதிவு. யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்காக உருவானது. உரிமையை நிரூபிப்பது பத்திரம். ஆனால் பத்திரத்தில் தெரியாத சில சங்கதிகளைப் பட்டா காட்டிக்கொடுக்கும்.

முதலில், நகலை நீங்களே எடுங்கள்

தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று தெரியாது. கிராமப்புற நிலமாக இருந்தால் இந்தத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண்ணைக் கொடுத்து, பட்டாவின் விவரங்கள் அடங்கிய சிட்டாவைப் பார்க்கலாம்:

```
https://eservices.tn.gov.in
```

இந்தியக் கைபேசி எண் கேட்டால் ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நகலின் அடியில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதே தளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். தரகர் அனுப்பிய நகலையும் இப்படிச் சோதியுங்கள்.

கைக்கு வந்த சிட்டா இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

```
பட்டா எண்: 1842
உரிமையாளர்கள்: 1. அண்ணன்  2. தம்பி  3. இறந்த இன்னொரு தம்பியின் மனைவி

புல எண்  உட்பிரிவு   புன்செய்      நன்செய்
145      2A         0 - 12.50     --
146      1          --            0 - 32.00
```

தரகர் சொல்வது: "145/2A-யில் ரோட்டோரமா 5 சென்ட். அண்ணன் கையெழுத்துப் போடுவார், வேலை முடிஞ்சுது."

பெயர்கள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மூன்று பெயர் இருப்பதால் இது கூட்டுப்பட்டா. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சிட்டாவில் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு என்று நாமாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறோம், அது தப்பாகவும் இருக்கலாம். பாகம் பிரிக்காத நிலத்தில் அண்ணன் தன் பங்கை விற்கலாம். ஆனால், "ரோட்டோரத்து 5 சென்ட்" என்று இடத்தைச் சுட்டிக்காட்டி விற்க அவருக்கு மட்டும் உரிமை கிடையாது. அவர் ஒருவர் கையெழுத்தில் வாங்கினால் நீங்கள் வாங்குவது மனை இல்லை, பிரிபடாத ஒரு பங்கு. மற்ற இருவரோடு நீங்களும் கூட்டுக்காரராகி, பாகப்பிரிவினை வழக்கில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பட்டாவில் இல்லாத பெயர்கள் இதைவிடச் சிக்கல். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ஆனால் ஊர் வழக்கத்தில் பட்டா மாற்றும்போது கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். நம் உதாரணத்தில் மூன்றாவது பெயரையும் கவனியுங்கள். இறந்த தம்பியின் மனைவி மட்டும் இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. அவர்களும் வாரிசுதான். ஒரு பிள்ளை மைனராக இருந்தால், நீதிமன்ற அனுமதி தேவையா என்று வக்கீலிடம் கேட்காமல் நகராதீர்கள்.

ஆகவே மூன்று காகிதங்கள் கேளுங்கள். இறந்த தகப்பனுக்கும் இறந்த தம்பிக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழ். பாகம் பிரித்திருந்தால் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். உரிமையை விட்டுக்கொடுத்த சகோதரி இருந்தால் அவர் எழுதிய விடுதலைப் பத்திரம். இவை இல்லையென்றால் எல்லா வாரிசுகளும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். "அக்கா ஒண்ணும் சொல்லாது" என்பது பத்திரம் ஆகாது.

புல எண்ணும் உட்பிரிவும்

145 என்பது புல எண். அதற்குள் பிரிந்த துண்டு 2, அது மறுபடி பிரிந்தது 2A. ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் ஒரு பழைய பிரிவினைக்குச் சாட்சி. எனவே பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் பார்க்கும்போது 145/2A-க்கு மட்டும் போடாதீர்கள். பிரிவதற்கு முன் நடந்த அடமானமும் விற்பனையும் தாய் எண்ணான 145/2-இல் கிடக்கும், இரண்டுக்கும் போட வேண்டும். தாய்ப்பத்திரத்தில் புல எண்ணே வேறாக இருந்தால் பதற வேண்டாம். மறு நில அளவையில் எண்கள் மாறியிருக்கலாம். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே நிலம்தானா என்பதை மட்டும் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

புலப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். 2A-வின் எந்தப் பக்கம் ரோட்டைத் தொடுகிறது என்பது அதில் தெரியும்.

பரப்பு: ஏர் வேறு, சென்ட் வேறு

"0 - 12.50" என்றால் 0 ஹெக்டேர், 12.50 ஏர். இதைப் பன்னிரண்டரை சென்ட் என்று படிப்பவர்கள் நிறைய. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். அப்படியானால் இந்தத் துண்டு 1,250 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 30.9 சென்ட். தரகர் சொன்ன 5 சென்ட் ஏறக்குறைய 2.02 ஏர். ஆகவே நீங்கள் வாங்கப்போவது 2A-யில் ஒரு பகுதிதான். கிரயம் முடிந்த பிறகு சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து புது எண் கொடுத்தால்தான் உங்கள் பெயரில் தனிப்பட்டா வரும். உட்பிரிவு செய்யாமல் விட்டால் அந்தக் கூட்டுப்பட்டாவில் நாலாவது பெயராகத்தான் ஒட்டிக்கொள்வீர்கள்.

புன்செய், நன்செய், மற்றவை

சிங்கப்பூரில் இருப்பவருக்குச் சிட்டாவின் இந்தப் பத்திகள் கூடுதல் முக்கியம். இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ குடியிருந்தால் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் உண்டு. இந்திய அந்நியச் செலாவணி விதிகளின்படி இந்த இரு சாராருமே வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றைப் பொதுவாகக் கிரயத்துக்கு வாங்க முடியாது.

146/1 நன்செய். தரகர் அதையும் சேர்த்துத் தருகிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 145/2A புன்செய் என்றிருப்பதை வைத்து மட்டும் தள்ளிவிட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருந்தாலும் பட்டாவில் பழைய "புன்செய்" மாறாமல் நிற்பது சகஜம். எனவே மனைப்பிரிவு அங்கீகார எண்ணையும், வரைபடத்தில் 145/2A என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று மட்டும் ஒரு தாளை நீட்டினால் ஏற்காதீர்கள். விவசாய நிலத்தை அங்கீகாரமில்லாமல் மனையாகப் பிரித்து விற்றால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளர் பதிவையே மறுக்கலாம்.

நம் உதாரணத்தில் அண்ணனிடம் அங்கீகார வரைபடம் இல்லை, பட்டாவில் பெயர் இல்லாத ஒரு சகோதரியின் விடுதலைப் பத்திரமும் இல்லை என்று வையுங்கள். முன்பணம் கேட்டால், இரண்டும் கைக்கு வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.