வார லீவு காலை சைக்கிள் ரைடுக்கு பாட்டு லிஸ்ட் போடறது எப்படி: கியர் இல்லாத சைக்கிள்ல இருந்து ஆரம்பிங்க

சனி ஞாயிறு காலைல திருவான்மியூர்ல கூடி ஈசிஆர்ல கோவளம் வரைக்கும் போய்ட்டு வர்ற மாதிரி ஒரு சின்ன குரூப் உங்க கிட்ட இருந்தா, பாட்டு லிஸ்ட் போடற வேலை யாராவது ஒருத்தர் தலைல விழும். அது உங்க தலைல விழுந்திருக்குன்னு வெச்சுக்கிட்டு எழுதறேன். பெரும்பாலான பேரு தனக்கு புடிச்ச பாட்டா ஒரு 50 அள்ளி போட்டு ஷஃபிள்ல விட்டுடுவாங்க, தனியா ஓட்டறப்ப அது ஓகே, ஆனா எட்டு பேரு வரிசையா போறப்ப பாட்டோட வேகம் மாறினா கால் வேகம் மாறும், கால் வேகம் மாறினா வரிசை பிய்யும். அதனால லிஸ்ட்டோட வேகத்தை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறமா பாட்டு தேடணும்.

அந்த வேகத்தை யாரை வெச்சு முடிவு பண்றது? குரூப்ல கியர் இல்லாத சைக்கிள்ல வர்றவங்களை வெச்சு. கியர் இருக்கறவங்க எந்த தாளத்துக்கும் கியர மாத்தி பொருந்திக்கலாம், கியர் இல்லாதவங்களுக்கு அந்த வழி கிடையாது, வண்டி என்ன வேகத்துல போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி தான் கால் சுத்தியாகணும்.

ஸ்டெப் 1: ஒரு மிதி எவ்ளோ தூரம்னு அளங்க

எங்க குரூப்ல ஒரு அக்கா பழைய லேடீஸ் சைக்கிள்ல வர்றாங்க, அதையே உதாரணமா எடுத்துக்கலாம். சமமான தரைல சைக்கிள நிறுத்தி, வலது பெடல் நேரா கீழ இருக்கற மாதிரி வெச்சுக்கிட்டு, முன் சக்கரம் தரைய தொடற இடத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. கையாலயே பெடல சுத்திக்கிட்டு மெதுவா தள்ளுங்க, பெடல் ஒரு முழு சுத்து சுத்தி மறுபடி கீழ வந்ததும் முன் சக்கரம் தொடற இடத்துல இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல டேப் புடிச்சா அக்காவோட சைக்கிளுக்கு 5 மீட்டர் வந்துச்சு. முன்னாடி பல்சக்கரத்துல 44 பல், பின்னாடி 18, 26 இன்ச் சக்கரம், இந்த மாதிரி சைக்கிள்னா கிட்டத்தட்ட இதே தான் வரும்.

இப்ப புதுசா வர்றவங்களும் பேசிக்கிட்டே ஓட்டற மாதிரி மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் வெச்சுக்கலாம். அப்படின்னா நிமிஷத்துக்கு 300 மீட்டர். 300ஐ 5ஆல வகுத்தா 60, அதாவது அக்கா நிமிஷத்துக்கு 60 முழு சுத்து மிதிக்கணும். இத தான் சைக்கிள்காரங்க கேடன்ஸ்னு சொல்லுவாங்க.

ஒரு சுத்துக்கு வலது கால் ஒரு தடவை அழுத்துது, இடது கால் ஒரு தடவை அழுத்துது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு அடி விழணும்னா நிமிஷத்துக்கு 120 அடி விழற பாட்டு வேணும், இந்த கணக்க தான் பிபிஎம்னு சொல்றாங்க. 60 அடி விழற பாட்டும் கணக்குக்கு சரியா தான் வரும், ஒரு சுத்துக்கு ஒரு அடி, ஆனா அந்த வேகத்துல இருக்கறதுல முக்காவாசி தாலாட்டு மாதிரி இருக்கும், விடியக்காலைல அது வேணாம். 120ல தான் மனசு லேசா ஆகற பாட்டு நெறைய கிடைக்கும், அதனால 116ல இருந்து 124க்குள்ள மட்டும்னு ஒரு வேலி போட்டுக்கங்க.

உங்க குரூப்ல எல்லாரும் கியர் சைக்கிள்னா நிமிஷத்துக்கு 80 சுத்து சுகமா இருக்கும், அப்ப 80 இல்லனா 160 பிபிஎம் பாட்டா தேடுங்க. மத்த ஸ்டெப் எல்லாம் அதே தான்.

ஸ்டெப் 2: பாட்ட நீங்களே எண்ணுங்க

பாட்டு பேரு லிஸ்ட் நான் குடுக்கல, உங்க குரூப் எந்த காலத்து பாட்ட கேட்டு வளந்தவங்கன்னு உங்களுக்கு தான் தெரியும், எண்ண கத்துக்கிட்டா எந்த பாட்டையும் சலிச்சு எடுக்கலாம். பல்லவி ஆரம்பிச்சதும் தொடைல கையால தட்டுங்க, போன்ல 30 செகண்ட் வெச்சு எத்தன தட்டுன்னு எண்ணி ரெண்டால பெருக்குங்க. 60 தட்டு வந்தா 120. பிபிஎம் சொல்ற ஆப், சைட் எல்லாம் இருக்கு, ஆனா அதுங்க அடிக்கடி பாதியாவோ ரெட்டிப்பாவோ காட்டும், 120 பாட்ட 60னு சொல்லும், அதனால கடைசி வார்த்தை உங்க கையோடது தான்.

அதே பாட்ட ரெண்டாவது சரணத்துலயும் ஒரு தடவை எண்ணி பாருங்க. பழைய பாட்டு பலதும் வாத்தியக்காரங்க எல்லாரும் சேந்து உக்காந்து ஒரே மூச்சுல வாசிச்சது, போகப்போக வேகம் கொஞ்சம் ஏறும். 118ல ஆரம்பிச்சு 121ல முடிஞ்சா பரவால்ல, யாருக்கும் தெரியாது. 126 ஆயிடுச்சுன்னா அந்த பாட்டு வேணாம்.

இங்க தாளத்தோட நடையையும் கவனிக்கணும். சில பாட்டு தகதிமி தகதிமின்னு நாலு நாலா போகும், சிலது தகிட தகிடன்னு மூணு மூணா போகும், நம்ம நாட்டுப்புற மெட்டு நெறைய ரெண்டாவது வகை. தகிட பாட்டுல ஒவ்வொரு தகிடக்கும் ஒரு கால்னு எண்ணுங்க, 120 தகிட வந்தா வலது இடதுன்னு அழகா மாறி மாறி விழும், மிதிக்கறதுக்கு அவ்ளோ சுகமா இருக்கும். ஆனா 60 தகிட மட்டும் விழற மெதுவான பாட்ட எடுத்தீங்கன்னா ஒரு கால் தகிட மேல விழும், இன்னொரு கால் ரெண்டு எழுத்துக்கு நடுவுல எங்கயோ விழும், கால் தடுமாறிக்கிட்டே இருக்கும். அப்புறம் தகதிமி பாட்டு, தகிட பாட்டுன்னு மாத்தி மாத்தி அடுக்காதீங்க, ஒரே நடைல இருக்கறத பக்கத்து பக்கத்துல வைங்க.

ஸ்டெப் 3: வேகம் சரியா இருந்தும் தள்ள வேண்டிய பாட்டு

முதல்ல தொகையறாவோட ஆரம்பிக்கற பாட்டு. தாளமே இல்லாம அரை நிமிஷம் குரல் மட்டும் இழுத்து பாடும், கேக்க உருக்கமா இருக்கும், ஆனா ரோட்டுல அந்த அரை நிமிஷம் கால் எத புடிச்சுக்கறதுன்னு தெரியாம ஆளாளுக்கு ஒரு வேகத்துல போவாங்க. அந்த பாட்டு ரொம்ப வேணும்னா தொகையறாவ வெட்டிட்டு பல்லவில இருந்து போடுங்க. இடைல பிஜிஎம்ல தாளத்த நிறுத்தி வயலின் மட்டும் வர்ற பாட்டுக்கும் இதே பிரச்சனை தான், பத்து செகண்ட்னா ஓகே, அதுக்கு மேல போனா வேணாம்.

அடுத்தது பாட்டுக்குள்ள கார் ஹாரன், போலீஸ் சைரன், பிரேக் சத்தம் வர்றது. இத சீரியஸா எடுத்துக்கங்க. ஈசிஆர்ல பின்னாடி பஸ் வருதுன்னு நினைச்சு புதுசா வந்த தம்பி சடன் பிரேக் போட்டா பின்னாடி வர்றவங்க மேல வந்து இடிப்பாங்க. ஒவ்வொரு பாட்டையும் முழுசா ஒரு தடவை கேட்டுட்டு தான் சேர்க்கணும்.

மூணாவது காத்து. சைக்கிள் ஓடறப்ப காதுல எப்பவும் காத்து சத்தம் இருக்கும், சின்ன புளூடூத் ஸ்பீக்கர்ல பேஸ் வெளிய போகவே போகாது. அதனால தாளத்த கீழ டம் டம்னு பேஸ் மட்டும் தாங்கற பாட்டு ரோட்டுல வெறும் குரலா தான் கேக்கும். கைதட்டு, தபலா, கஞ்சிரா, பறை, கிடார் வெட்டு, இந்த மாதிரி மேல தெரியற சத்தத்துல தாளம் இருக்கற பாட்டா எடுங்க. வீட்டுலயே செக் பண்ணலாம், டேபிள் ஃபேன ஃபுல்லா வெச்சு முன்னாடி உக்காந்துக்கிட்டு, போன் ஸ்பீக்கர்லயே பாட்ட போட்டு தொடைல தட்டி பாருங்க, தாளம் புடிபட்டா அந்த பாட்டு ரோட்டுலயும் நிக்கும்.

மனசு கனக்கற காதல் தோல்வி பாட்டு, வெறி ஏத்தற மாஸ் பாட்டு ரெண்டும் வேணாம். ரெண்டாவது வகை தான் ஆபத்து, பிபிஎம் 120ஆ இருந்தாலும் முன்னாடி போறவருக்கு கால் தன்னால அழுத்தும். பல்லவி திரும்ப திரும்ப வர்ற, எல்லாரும் கூட முணுமுணுக்கற பாட்டு தான் இங்க பொருத்தம். பாட முடியுதுன்னா மூச்சு வாங்கலன்னு அர்த்தம், வேகம் சரியா இருக்கான்னு பாக்க அதுவே போதும்.

ஸ்டெப் 4: அடுக்கறது

லிஸ்ட் நீளமா இருக்க வேணாம். காலைல 5.20க்கு திருவான்மியூர்ல கிளம்பினா உத்தண்டி டோல் வர ஆறு மணி தாண்டிடும், அது வரைக்கும் பாட்டு போடாதீங்க. ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்கு சட்டப்படியே தடை இருக்கு, அதோட நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் எல்லாம் ரோட்டோரத்துலயே வீடு, ஜனங்க தூங்கற நேரம். டோல் தாண்டி முட்டுக்காடு வழியா கோவளம் போக அரை மணிக்கு மேல ஆகும், அதுக்கு எட்டு பாட்டு போதும்.

முதல் ரெண்டு பாட்டு 116, 117. அடுத்த மூணு 119ல இருந்து 121. முட்டுக்காடு பாலம் வர்ற நேரத்துக்கு 120லயே ரொம்ப நிதானமான ஒன்னு வைங்க, பாலத்துல ஏத்தம் சின்னது தான், ஆனா ரெண்டு பக்கமும் தண்ணி, காத்து நேரா வந்து அடிக்கும். அங்க கியர் இருக்கறவங்க ஒரு கியர் குறைச்சுக்கிட்டு அதே தாளத்துல மிதிக்கட்டும், கியர் இல்லாதவங்க தாளத்த விட்டுட்டு மெதுவா ஏறட்டும், முன்னாடி போறவர் அவங்களுக்காக வேகத்த குறைக்கணும். கடைசி ரெண்டு பாட்டு 118க்கு இறங்கினா போதும்.

பக்கத்து பக்கத்து பாட்டுக்கு நடுவுல வித்தியாசம் மூணுக்கு மேல வேணாம். ஒரு பாட்டு முடியறப்பவே அடுத்த பாட்டு மெல்ல உள்ள வர்ற கிராஸ்ஃபேட் செட்டிங்க 4 செகண்ட் வைங்க, அதுக்கு மேல வெச்சா ரெண்டு தாளம் ஒன்னு மேல ஒன்னு ஏறி குழப்பும். ஷஃபிள் ஆஃப், பாட்டு எல்லாம் டவுன்லோட் பண்ணி வெச்சுக்கங்க.

ஸ்டெப் 5: ரோட்டுல

ஸ்பீக்கர் ஒன்னே ஒன்னு, வரிசைல நடுவுல இருக்கறவர் ஹேண்டில்பார்ல. முன்னாடி இருந்தா அவருக்கு மட்டும் சத்தமா கேட்டு வேகம் ஏறும், கடைசி ஆளுக்கு சரியா கேக்கவே கேக்காது. யாரும் இயர்போன் போடக்கூடாது, "பள்ளம்", "ஸ்லோ", "பின்னாடி வண்டி"ன்னு கத்தறது எல்லார் காதுலயும் விழணும். ரெண்டு சைக்கிள் தள்ளி இருக்கறவர் சாதாரணமா பேசறது கேக்கற அளவுக்கு தான் வால்யூம்.

லிஸ்ட் சரியா வேலை செய்யுதான்னு காதாலயே தெரிஞ்சுக்கலாம். மிதிக்காம விட்டா பின் சக்கரத்துல டிக்டிக்டிக்னு ஒரு சத்தம் வரும்ல, அத கவனிங்க. கியர் வண்டிக்காரங்க கிட்ட இருந்து அந்த சத்தம் அடிக்கடி வந்தா அவங்க பெரிய கியர்ல ஓங்கி மிதிச்சுட்டு மிதிச்சுட்டு விடறாங்க, ஒரு கியர் குறைக்க சொல்லுங்க. எல்லார் கிட்ட இருந்தும் ஒரே பாட்டுல வந்தா பாட்டு தான் காரணம், அது எதுன்னு மனசுல குறிச்சுக்கிட்டு கோவளத்துல டீ குடிக்கறப்ப லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. கடைசி ஆளுக்கும் அவருக்கு முன்னாடி போறவருக்கும் நடுவுல ரெண்டு மூணு சைக்கிள் இடைவெளி விழுந்தா, அப்ப ஓடற பாட்டு வேகமா இருக்கு, இல்ல வெறி ஏத்துது.

திரும்பி வர்றப்ப ஸ்பீக்கர பைல போட்டுடுங்க. ஏழரைக்கு மேல ஈசிஆர்ல காரும் பஸ்ஸும் ஏறிடும், அப்ப காதுக்கு வண்டி சத்தம் தான் வேணும்.