சலூன் கண்ணாடிகளை வரையும்போது

பாளையங்கோட்டை சலூன்களில் மாதிரி எதிரெதிரே கண்ணாடி இருக்கும் அறையை வரைகிறவர்கள், பிம்பங்களைச் சம இடைவெளியில் சிறிதாக்கிக்கொண்டே போகாதீர்கள், பார்த்ததும் போலி என்று தெரிந்துவிடும். கண்ணாடிகளுக்கு நடுவே 10 அடி, நாற்காலி முன் கண்ணாடியிலிருந்து 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவருக்குத் தன் முகம் 6 அடியில் தெரியும், அடுத்து பின்மண்டை 20 அடியில், மறுபடி முகம் 26 அடியில், அப்புறம் பின்மண்டை 40 அடியில். அதாவது இடைவெளி 14, 6, 14 என்று மாறி மாறி வரும். நாற்காலி, பேசின் எல்லாவற்றுக்கும் இதே முறைதான், சுவரிலிருந்து அதது இருக்கும் தூரத்தை வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போடணும்.

எழுத்தையும் கவனியுங்கள்: சட்டைப்பையில் இருப்பது முகம் தெரியும் பிம்பங்களில் தலைகீழாக இல்லை, இடம்வலமாகத் திரும்பும், முதுகில் இருப்பதோ இரண்டு, நான்கு என்று இரட்டைப்படை முறை பிரதிபலிப்பதால் நேராகவே வாசிக்கலாம்.