வங்கி ஸ்டேட்மென்ட்டிலிருந்து சேமிப்பு வட்டியைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிப்பதில்லை. ஃபார்ம் 26ஏஎஸ்-ல் டிடிஎஸ் பகுதியைத் தேடினாலும் அது கிடைக்காது. அதனால் வருமானவரிப் படிவத்தில் காட்டுவதற்காக, வருடம் முழுவதற்கும் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, வட்டி வரவுகளை நாமே கூட்டுகிறோம். பார்த்தால் ஐந்து நிமிட வேலை. நான் முதல் வருடம் செய்தபோது ஒரே கணக்குக்கு மூன்று முறை மூன்று தொகை வந்தது. எங்கெங்கே தப்பு நேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பிறகுதான் புரிந்தது.

முதல் தப்பு தேடும் சொல்லில். ஸ்டேட்மென்ட்டை எக்ஸெல்லில் திறந்து, விவரம் என்ற பத்தியில் INT என்று வடிகட்டினேன். வட்டி வரவுகள் வந்தன; கூடவே INTERNET என்று விவரம் உள்ள பணப் பரிமாற்றங்களும், POINT என்ற சொல் உள்ள ரீஃபண்டுகளும் வந்துவிட்டன. அந்த மூன்று எழுத்து அத்தனை சொற்களுக்குள்ளும் இருக்கிறது. உங்கள் வங்கி வட்டிக்கு என்ன வாசகம் போடுகிறது என்று முதலில் ஒரு காலாண்டு வட்டி வரவைக் கண்ணால் பாருங்கள். ஒரு வங்கி Int.Pd: என்று போட்டு கூடவே காலத்தையும் எழுதும், இன்னொன்று CREDIT INTEREST என்று போடும். அந்த வாசகத்தை அப்படியே வைத்துக் கூட்டுங்கள். விவரம் B பத்தியிலும் வரவு D பத்தியிலும் இருந்தால்:

```
=SUMIF(B:B,"*Int.Pd*",D:D)
```

இதிலும் ஒரு குழி உண்டு. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த தொகைகள் சில நேரம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்துவிடும், குறிப்பாகப் பின்னால் Cr ஒட்டியிருந்தால். SUMIF அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழை என்று எதுவும் காட்டாது. அதனால் எண்ணாகக் கூட்டலில் சேர்ந்த வரவுகள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி தரும் கணக்கில் வருடத்துக்கு நான்கு வரவு இருக்க வேண்டும், மாதாமாதம் தரும் கணக்கில் பன்னிரண்டு. நான்கில் ஒன்று குறைந்தால் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணிக்கையைப் பார்த்தால் உடனே தெரியும்.

அடுத்து தேதி. 'கடந்த ஒரு வருடம்' என்ற வசதியை அழுத்தி ஜூலையில் இறக்கினால் ஜூலையிலிருந்து ஜூலை வரை வரும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று தேதியை நீங்களே கொடுக்க வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததுதான். உண்மையில் குழப்புவது ஏப்ரல் 1 அன்று வரவாகும் வட்டி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரண்டு வங்கிகள். முதல் வங்கி காலாண்டின் கடைசி நாளில் வட்டி போடுகிறது. 2024-25-ல் 1,243, 1,318, 1,187, 1,402. மொத்தம் 5,150 ரூபாய். இதில் சிக்கல் இல்லை. இரண்டாவது வங்கி காலாண்டு முடிந்து மறுநாள் போடுகிறது. ஏப்ரல் 1, 2024 முதல் மார்ச் 31, 2025 வரையுள்ள ஸ்டேட்மென்ட்டில் ஏப்ரல் 1 அன்று 864, ஜூலை 1 அன்று 912, அக்டோபர் 1 அன்று 790, ஜனவரி 1 அன்று 845, மொத்தம் 3,411. முதல் 864 ரூபாய் முந்தைய ஜனவரி முதல் மார்ச் வரைக்கான வட்டி. இந்த வருடத்தின் கடைசிக் காலாண்டுக்கான 938 ரூபாயோ ஏப்ரல் 1, 2025-ல் தான் கணக்குக்கு வந்தது, ஸ்டேட்மென்ட்டில் அது இல்லை.

எதை எடுப்பது? வருமானவரிச் சட்டம் இரண்டு முறைகளுக்கும் இடம் தருகிறது: பணம் வந்த தேதிப்படி கணக்கிடுவது, சேர்ந்த காலப்படி கணக்கிடுவது. வந்த தேதிப்படி என்றால் 3,411. சேர்ந்த காலப்படி என்றால் 864-ஐ விட்டு 938-ஐச் சேர்க்க வேண்டும், 3,485. எந்த முறையை எடுத்தாலும் வருடாவருடம் அதையே தொடர வேண்டும். ஒரு வருடம் இப்படி, அடுத்த வருடம் அப்படி என்று மாற்றினால் ஒரு காலாண்டு வட்டி இரண்டு முறை கணக்கில் வரும், அல்லது ஒரு முறைகூட வராது.

இப்போது வரித்தளத்தில் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தால், இரண்டாவது வங்கி 3,485 என்று தெரிவித்திருக்கலாம். உங்கள் கூட்டல் 3,411. 74 ரூபாய் வித்தியாசம். அவசரப்பட்டு எதையும் மாற்ற வேண்டாம். 938-லிருந்து 864-ஐக் கழித்தால் 74. இப்படி வித்தியாசம் இரண்டு ஏப்ரல் வரவுகளின் வித்தியாசத்தோடு சரியாகப் பொருந்தினால், விட்டுப்போனது எதுவும் இல்லை, முறைதான் வேறு. பொருந்தாவிட்டால் ஸ்டேட்மென்ட்டில் ஏதோ வரவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது நீங்கள் மறந்துபோன ஒரு பழைய கணக்கு உங்கள் பான் எண்ணில் இருக்கிறது. அதே நேரம், ஏஐஎஸ்-ல் இல்லை என்பதற்காக வட்டியைக் காட்டாமல் விடவும் முடியாது.

அதிகம் பேர் கவனிக்காதது ஸ்வீப் வசதி. கணக்கில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பதை வங்கி தானாகவே டெபாசிட்டாக மாற்றும், தேவைப்படும்போது உடைத்துத் திருப்பும். திரும்பி வரும் வரவில் அசலும் வட்டியும் ஒன்றாக, 25,412 என்பது போல் இருக்கலாம். வட்டி என்ற சொல்லே அதில் இல்லாவிட்டால் உங்கள் தேடலில் சிக்காது. டிடிஎஸ் பிடித்திருந்தால் அது போக மீதிதான் வரவாகியிருக்கும். வரிக்குக் காட்ட வேண்டியதோ பிடிப்பதற்கு முந்தைய முழு வட்டி. ஆகவே ஸ்வீப் உள்ள கணக்குக்கு ஸ்டேட்மென்ட்டை மட்டும் நம்பாமல், நெட்பேங்கிங்கில் வட்டிச் சான்றிதழையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சேமிப்பு வட்டியும் டெபாசிட் வட்டியும் படிவத்தில் ஒரே இடத்தில் போகக் கூடாது. மேலே சொன்னவருக்கு ஸ்வீப் வட்டி 2,640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சேமிப்பு வட்டி என்று கூட்டினால் 11,201. பழைய வரிமுறையில் அறுபது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 80TTA பிரிவில் 10,000 வரை கழிவு உண்டு என்பதால் முழு 10,000-ஐயும் கேட்டுவிடுவார். ஆனால் அந்தக் கழிவு சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும்தான். அவருக்குரியது 5,150-ம் 3,411-ம் சேர்ந்த 8,561. கூடுதலாகக் கேட்ட 1,439 ரூபாய் தவறான கழிவு. அறுபது வயது நிரம்பிய, இந்தியாவில் வசிப்பவர் என்றால் 80TTB பிரிவில் இரண்டு வகை வட்டிக்கும் சேர்த்து 50,000 வரை கழிவு கிடைக்கும். அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. என்றாலும் படிவத்தில் இரண்டையும் பிரித்தே காட்ட வேண்டும். புதிய வரிமுறையில் இந்த இரண்டு கழிவும் கிடையாது.

எப்படியும் கழிவு கிடைக்கிறதே என்று வட்டியையே எழுதாமல் விடுவோரும் இருக்கிறார்கள். அது சரியில்லை. முதலில் Interest from Savings Account என்ற இடத்தில் 8,561-ஐ வருமானமாகக் காட்டி, பிறகு கழிவுப் பகுதியில் அதே தொகையைக் கேட்க வேண்டும். ஸ்வீப் வட்டி Interest from Deposit என்று தொடங்கும் இடத்துக்குப் போகும்.

கடைசியாக, வருட நடுவில் மூடிய கணக்கு. மூடும்போது அதுவரை சேர்ந்த வட்டியையும் அசலோடு கொடுத்துவிடுவார்கள். மூடிய பின் நெட்பேங்கிங்கில் அந்தக் கணக்கு தெரியாமல் போய்விடலாம் என்பதால், மூட விண்ணப்பிக்கும்போதே அந்த வருட ஏப்ரல் 1 முதலான ஸ்டேட்மென்ட்டை இறக்கி வைத்துக்கொண்டு, கடைசி வட்டி எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.