மலைச்சரிவு வயல் படம் எந்த ஊருடையது என்று கண்டறிவது எப்படி? வரப்பையும் வாய்க்காலையும் படிக்கும் முறை

மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள் ஆசியாவின் பல நாடுகளில் இருப்பதால், ஒரு படத்தைப் பார்த்தவுடன் ஊர்ப்பெயரைச் சொல்ல முயல்வது பெரும்பாலும் தவறில்தான் முடியும். வயலில் நீர் எப்படி நிற்கிறது, அது எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்டால், படமே நம்மைச் சரியான பகுதிக்கு அழைத்துச் செல்லும். எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம்: பயிரே இல்லாமல் நீர் மட்டும் நிற்கும் நூற்றுக்கணக்கான வளைந்த வயல்கள், அவற்றில் சிலவற்றின் நீர்ப்பரப்பில் செந்நிறத் திட்டுகள், சரிவின் நடுவே ஒரு கிராமம், அதற்கு மேலே அடர்ந்த காடு.

முதலில் வயலின் வெளி விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு நெடுக வரப்பு உயர்ந்து, வயல்மட்டம் சமமாக இருந்தால் அது நீர் தேக்கும் நெல்வயல். வரப்பில்லாமல் மண் வெளிப்புறமாகச் சற்றே சரிந்திருந்தால், அங்கே விளைவது பெரும்பாலும் பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற, நீர் தேங்கக் கூடாத பயிர். கொடைக்கானல் மலையின் பூம்பாறையில் காண்பது இந்த வகைதான். நம் படத்தில் நீர் நிற்பதால் அது நெல்வயல் என்பது உறுதியாகிறது.

அடுத்து, ஒரு வயலுக்கும் அதற்குக் கீழுள்ள வயலுக்கும் இடையிலுள்ள சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ பகுதியில், குறிப்பாகப் படாட் கிராமத்தில், இந்தச் சுவர்கள் கல்லடுக்கிக் கட்டப்பட்டவை. படத்தில் அவை செங்குத்தான கரும்பட்டைகளாகத் தெரியும். சீனாவின் யுவான்யாங், வியட்நாமின் மு காங் சாய், பாலித் தீவின் ஜாதிலுவிஹ் ஆகிய இடங்களில் பெரும்பாலும் மண் சுவர்களே உள்ளன. அவற்றின் மேல் புல் படர்ந்திருக்கும். பொன்னிறமாக விளைந்த வயல்களைப் பார்த்து ஒரு படத்தை மு காங் சாய் என்று நான் ஒருமுறை முடிவு செய்துவிட்டேன். கற்சுவரைக் கவனித்த பிறகுதான் அது படாட் என்று புரிந்தது. நிறம் பருவத்தோடு மாறும், சுவர் மாறாது என்பதால் சுவரை முதலில் பார்ப்பதே நல்லது. நம் படத்தில் இருப்பது மண் சுவர். ஆகவே படாட் விலகுகிறது.

மூன்றாவதாகப் பருவத்தைப் படியுங்கள். வெப்பம் குறையாத பாலியில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போகம் எடுப்பதால், ஒரே படத்தில் நாற்றங்கால், பச்சைப்பயிர், அறுத்த தாள் மூன்றும் அருகருகே தெரியக்கூடும்; தென்னையும் கண்ணில் படும். மு காங் சாயில் மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் நீர் பாய்ச்சி நடுகிறார்கள். அப்போது சுற்றியுள்ள மலை பச்சையாக இருக்கும், நாற்றங்கால்கள் பளிச்சென்று தெரியும். யுவான்யாங்கில் ஹானி மக்கள் அறுவடை முடிந்ததும் நீரைத் தேக்கி, குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, வசந்தத்தில்தான் நடுகிறார்கள். நாற்றே இல்லாத வெறும் நீர் என்பதால் நம் படம் யுவான்யாங்கை நோக்கிச் சாய்கிறது. செந்நிறத் திட்டுகளும் பொருந்துகின்றன: நம் ஊர் விவசாயிகள் மாட்டுத் தீவனமாக வளர்க்கும் அசோலா, குளிரில் சிவந்து அங்கே நீர்மேல் மிதக்கும். ஆனால் வானத்தின் செம்மையும் நீரில் அப்படியே தெரியும்; எனவே திட்டின் ஓரம் வரப்போடு முடிகிறதா, பல வயல்களைத் தாண்டி ஒரே சீராகப் பரவுகிறதா என்று பாருங்கள். பல வயல்களைத் தாண்டிப் பரவினால் அது வானத்தின் சாயல்.

நான்காவதாக வாய்க்காலைப் பின்தொடருங்கள். தலைவாய்க்கால் மலையைச் சுற்றி, கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், மிக மெல்லிய இறக்கத்தோடு ஓடும். மேலிருந்து எடுத்த படத்தில் அது வயல்களின் மேல் எல்லையை ஒட்டிய ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். நீர் கீழ்நோக்கியே ஓடும் என்பதால், அந்தக் கோட்டை ஏற்றமான பக்கமாகத் தொடர்ந்தால் ஓடையும், அதற்கு மேல் காடும் வரும். ஹானி நிலத்தில் மேலே காடு, அதற்குக் கீழே கிராமம், அதற்கும் கீழே வயல் என்ற வரிசை தெளிவானது. நம் படத்திலும் அந்த வரிசைதான் உள்ளது. வாய்க்காலை அருகில் காட்டும் படம் கிடைத்தால், குறுக்கே கிடத்திய ஒரு மரக்கட்டையைத் தேடுங்கள். அதில் வெவ்வேறு அகலத்தில் வெட்டிய பள்ளங்கள் வழியாக, அவரவர் பங்கு நீர் பிரிந்து போகும். பாலியின் சுபக் பாசனத்திலும் நீரைப் பங்கிடும் தடுப்புகள் உண்டு என்பதால், இந்தக் கட்டையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மடையருகே சிறு கோயில் இருந்தால் அது பாலி பக்கம் சாயும்.

கடைசியாகச் செயற்கைக்கோள் படத்தில் சரிபாருங்கள். கூகுள் எர்த்தில் `23.1, 102.8` என்று தேடினால் யுவான்யாங் வயல்களுக்கு அருகே சென்று சேரலாம். சாய்வாக எடுத்த படத்தில் கண்ணாடிபோல் மின்னும் நீர், நேர் மேலிருந்து பார்க்கையில் கரும்பழுப்பாகத் தெரிவதால் ஏமாற வேண்டாம். பழைய படங்களில் குளிர்கால மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கிராமத்தை ஒட்டிய நான்கைந்து வரப்புகளின் வளைவையும் கிளைக்கும் பாதையையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எல்லா வளைவும் இடவலமாகத் திரும்பியிருந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டப்பட்டிருக்கலாம். அதைத் திருப்பிவிட்டு மீண்டும் ஒப்பிடுங்கள். வரப்புகள் பொருந்தாதவரை உங்கள் முடிவை "யுவான்யாங் பகுதி" என்ற அளவிலேயே எழுதி, கிராமத்தின் பெயரை எழுதாமல் விடுங்கள்.