ஆஃப்சைடா இல்லையா? பாஸ் கிளம்புற நொடிய பாருங்க

புதுசா ஃபுட்பால் மேட்ச் பாக்குறவங்க பந்து போய் சேர்ற இடத்தையே பாப்பாங்க, குழப்பமே அங்கதான். பாஸ் கொடுக்குறவர் கால்லேருந்து பந்து கிளம்புற நொடியில ஸ்ட்ரைக்கர் எதிரணி பாதியில, பந்தையும் தாண்டி, எதிரணியோட கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி நின்னா அது ஆஃப்சைட் பொசிஷன், கோல்கீப்பரும் அந்த கணக்குல உண்டு, அதனால பெரும்பாலும் கடைசி டிஃபெண்டர பாத்தா போதும்.

டிஃபெண்டர் கோல் லைன்லேருந்து 20 மீட்டர்ல நிக்குறார்னு வைங்க. பாஸ் கிளம்பும்போது ஸ்ட்ரைக்கர் 21ல இருந்து, அப்புறம் ஓடிப்போய் 10 மீட்டர்ல தனியா பந்த வாங்குனாலும் கோல் செல்லும். அதே ஆள் அப்போ 19ல நின்னிருந்தா, பின்னாடி வந்து 22ல வாங்குனாலும் ஆஃப்சைட்தான். சரிசமமா நின்னா தப்பில்ல. சும்மா நின்னாலும் தப்பில்ல, பந்த தொட்டாலோ, கீப்பர் பார்வைய மறைச்சாலோ, வேற விதமா ஆட்டத்துல குறுக்கிட்டாலோதான் கொடி தூக்குவாங்க. த்ரோ-இன், கார்னர், கோல் கிக்லேருந்து நேரா வாங்குனா ஆஃப்சைடே கிடையாது.