எர்த் குழிக்குக் கரி, உப்பு எவ்வளவு வாங்குவது? விட்டத்தை வைத்து ஒரு கணக்கு

திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில், எங்கள் வீட்டுக்குப் போட்ட குழியின் கணக்கு இது. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள். ஆழம் இரண்டரை மீட்டர், விட்டம் 30 செ.மீ. பைப் 40 மி.மீ. ஜிஐ, நீளம் இரண்டரை மீட்டர், 12 மி.மீ. துளை போட்டது.

ஆழத்தை எல்லோரும் சரியாக அளந்துவிடுவார்கள், விட்டத்தில்தான் சறுக்கும். கடப்பாரையால் தோண்டினால் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் வரும். மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் ஒரு குச்சியை விட்டு அளந்து, சராசரி எடுங்கள். பிறகு எல்லாவற்றையும் செ.மீ.யில் வைத்து:

```
விட்டம் × விட்டம் × உயரம் × 0.785 ÷ 1000 = லிட்டர்
```

விட்டம் 30 என்றால் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் 0.7 லிட்டர். குழி 45 ஆக அகன்றுவிட்டால் 1.6 லிட்டர். ஒன்றரை மடங்கு அகலம், இரண்டேகால் மடங்கு சரக்கு! அதனால் குழி வெட்டி அளந்த பிறகே கடைக்குப் போங்கள். என்னைக் கேட்டால், கையால் சுற்றும் ஆகர் வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் நல்லது, குழி ஒரே அகலத்தில் வரும்.

பைப்பை நட்டு, அடியில் 10 செ.மீ. தட்டி இறக்குங்கள். சுற்றிலும் கரி 20 செ.மீ., அதன்மேல் கல் உப்பு 5 செ.மீ., இப்படி எட்டு முறை. மொத்தம் இரண்டு மீட்டர் ஏறும். அதற்குமேல் ஜல்லி 30 செ.மீ.; மீதி 20 செ.மீ. தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கு.

கரி 160 செ.மீ.க்கு 113 லிட்டர். லிட்டர் கால் கிலோ என்று வைத்தால் 28 கிலோ. உப்பு 28 லிட்டர், ஏறக்குறைய 30 கிலோ. ஜல்லி 21 லிட்டர், 32 கிலோ வரும். கரியை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், இடிக்க இடிக்க அமுங்கும். கருவேலங்கரியை விரல் கணு அளவுக்கு உடைத்துப் போட வேண்டும். பெருங்கட்டியாகப் போட்டால் இடையில் காற்று நிற்கும், பைப்பும் மண்ணும் ஒட்டாது. ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் ஊற்றி இடியுங்கள்.

எர்த் வயரைக் கழற்றிவிட்டு, எர்த் டெஸ்டரில் பாருங்கள். 5 ஓமுக்குள் வந்தால் வீட்டுக்கு நல்லது. ஆனால் மின்கசிவு வந்தால், 5 ஓமில் 230 வோல்ட்டுக்கு 46 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. அதனால் சிறு கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்கள்.

கோடையில் கரிசல் வெடித்து விலகும்போது ஓம் ஏறும். அதனால் சித்திரையில் ஒருமுறை அளந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். உப்பு பைப்பை அரிக்கும் என்பதால், கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

பின்சேர்க்கை: மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், நாலடியில் பாறை வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அப்படியானால் நாலடியில் இரண்டு குழி, இடையில் எட்டடியாவது விட்டு வெட்டி, இரண்டு பைப்பையும் ஜிஐ பட்டையால் இணையுங்கள். நெருக்கி வெட்டினால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போடும், ஓம் பெரிதாகக் குறையாது.