அம்பயர் கை நீட்டியிருக்கும் போட்டோ: நோ பாலா, ஃபோரா? கண்டுபிடிக்கும் முறை

எங்கள் டீம் ஆடும் மேட்ச்களைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதிப் பகிர்வது என் வழக்கம். சேலத்தில் மே மாத வெயிலில் நடந்த ஒரு மேட்ச்சில், அம்பயர் வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி நிற்கும் படத்துக்கு ‘ஃபோர்’ என்று எழுதிவிட்டேன். அன்று சாயங்காலமே அந்த ஓவரைப் போட்ட தம்பி போன் செய்தான். “அண்ணா, அது நோ பால். அந்தப் பந்துல அவங்க ஒரு ரன்தான் ஓடினாங்க. நான் ஃபோர் கொடுத்ததா எங்க வீட்ல கேக்குறாங்க.” அவன் குரலில் இருந்த வருத்தம் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்துதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கிரவுண்டில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தக் குழப்பமே வராது, ஏனென்றால் கை அசைவது தெரியும். போட்டோவில் அசைவு போய்விடுகிறது. அதனால் முதலில் மனதில் வைக்க வேண்டியது, எந்த சிக்னல் நிற்கும், எந்த சிக்னல் நகரும் என்பதுதான். நோ பால், வைட், அவுட், சிக்ஸர், பை, லெக் பை எல்லாம் கை போய் நின்றுவிடும் சிக்னல்கள். ஃபோரும் ஃப்ரீ ஹிட்டும் நகர்பவை. இரண்டு கையும் பக்கவாட்டில் நீண்டால் வைட், தலைக்கு மேல் போனால் சிக்ஸர், தூக்கிய முழங்காலைத் தொட்டால் லெக் பை. இவற்றில் பெரும்பாலும் யாருக்கும் தகராறு இல்லை.

முதல் படி: நீட்டிய ஒற்றைக் கை

நான் தடுக்கி விழுந்த இடம் இது. நோ பாலுக்கு ஒரு கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டுவார்கள். ஃபோருக்கு ஒரு கையை இப்படியும் அப்படியும் வீசி, கடைசியில் மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து முடிப்பார்கள். வீச்சின் வெளி முனையில் கேமரா சொடுக்கினால், ஃபோரும் அச்சு அசல் நோ பால் போலவே விழும். வலது கையா இடது கையா என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கையை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். நோ பாலை அம்பயர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லிவிடுவார். ஆகவே பவுலர் பந்து போட்ட வேகத்தில் இன்னும் குனிந்திருப்பார், பேட்ஸ்மேன் மட்டையைச் சுழற்றிக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருப்பார். ஃபோர் சிக்னல் பந்து எல்லைக் கோட்டைத் தொட்ட பிறகே வரும். பவுலர் இடுப்பில் கை வைத்திருப்பார், பேட்ஸ்மேன்கள் நடுப் பிட்ச்சில் நின்றிருப்பார்கள், ஃபீல்டர் ஒருவர் பந்தை எடுக்கக் கோட்டுக்கு வெளியே போயிருப்பார். நான் ‘ஃபோர்’ என்று எழுதிய படத்தில் பவுலரின் முன்கால் தரையில் ஊன்றி, முதுகு முழுவதும் வளைந்திருந்தது. அந்த நொடியில் ஃபோர் கொடுக்க வழியே இல்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பந்து முடிந்ததும் அம்பயர் ஸ்கோரர் பக்கம் திரும்பி, அதே நோ பால் சிக்னலை மறுபடி காட்டுவார். அப்போது எல்லோரும் ஓய்ந்து நிற்பார்கள், ஃபோர் போலவே தெரியும். அந்த இடத்தில் ஒற்றைப் படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள படம் வேண்டும்.

இரண்டாம் படி: மேலே தூக்கிய ஒற்றைக் கை

ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்திருந்தால் அவுட். விரல்கள் விரிந்து உள்ளங்கை திறந்திருந்தால் பை, அதாவது மட்டையிலும் உடம்பிலும் படாமல் போன பந்தில் ஓடிய ரன். மூன்றாவதாக ஃப்ரீ ஹிட். டி20, ஒருநாள் ஆட்டங்களில் நோ பாலுக்குப் பிறகு அம்பயர் கையைத் தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றுவார். பலர் ஒரு விரலை நீட்டியபடியே சுற்றுவதால், போட்டோவில் அவுட் போல விழுந்துவிடும்.

இங்கே அம்பயரின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். அவுட் என்றால் பேட்ஸ்மேனைப் பார்த்துத்தான் விரல் உயரும், எதிரே யாராவது முறையிட்டுக் கை தூக்கியிருப்பார்கள். எல்லா அம்பயரும் புத்தகப்படி காட்டுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நியூசிலாந்தின் பில்லி பௌடன் மூட்டுவாதத்தால் விரலை நிமிர்த்தாமல் கொக்கி போல வளைத்துத்தான் அவுட் கொடுத்துவந்தார்.

ஏற்காட்டுப் படங்கள் ஆறு

ஏற்காட்டில் ஒரு டி20 மேட்ச்சில், ஒரே பந்துக்கு எடுத்த ஆறு படங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் படத்தில் பவுலர் குனிந்திருக்கிறார், அம்பயர் கை நீண்டிருக்கிறது. இரண்டாவதில் கீப்பர் முதுகைக் காட்டிப் பந்தைத் துரத்துகிறார். மூன்றாவதில் அம்பயர் ஸ்கோரர் மேசையைப் பார்த்து மறுபடி கை நீட்டுகிறார். நான்காவதில் திறந்த உள்ளங்கை மேலே. ஐந்தாவதில் கை மார்புக்குக் குறுக்கே. ஆறாவதில் தலைக்கு மேல் கை, ஆனால் விரல் கலங்கித் தெரிகிறது.

படித்துப் பார்த்தால்: நோ பால், பை, ஃபோர், கடைசியில் ஃப்ரீ ஹிட். ஐந்து ரன். அதில் ஒன்று நோ பால் கணக்கு, அது பவுலர் தலையில் விழும். நான்கு பை, அது பவுலருக்கும் இல்லை, பேட்ஸ்மேனுக்கும் இல்லை. 2017 விதிகளுக்கு முன்பு இந்த ஐந்தும் நோ பால் கணக்கிலேயே போகும். பழைய ஸ்கோர் புத்தகத்தோடு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஆறாவது படத்தில் விரல் கலங்கியதற்குக் காரணம் மலை மூடுபனி. வெளிச்சம் குறைந்ததால் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிட்டது. உடம்பு தெளிவாக இருந்து கை மட்டும் கலங்கினால் அது நகரும் சிக்னல். கீழே சேலத்து வெயிலில் ஷட்டர் 1/2000 நொடிக்குப் போய் எல்லாமே உறைந்துவிடும், இந்தத் துப்பே கிடைக்காது. அதனால் அம்பயரை எடுக்கும்போது மட்டும் நான் 1/125 வைத்துக்கொள்கிறேன். அழகான படம் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது, எனக்கு உண்மை தெரிந்தால் போதும்.

படங்களை வரிசைப்படுத்த நேரம் துல்லியமாக வேண்டும். ஒரே நொடியில் நாலைந்து படம் விழும் என்பதால் கேலரி காட்டும் நேரம் போதாது. படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தைப் படிக்கும் exiftool என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் எனக்குப் பிடித்தது இந்த ஒரு வரிக் கட்டளை:

```
exiftool -T -FileName -SubSecDateTimeOriginal *.JPG
```

வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தில் இந்த நேரம் அழிந்திருக்கும். நண்பர்களிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை: தோளைத் தொடும் படம்

இதைப் படித்துவிட்டு வாழப்பாடியிலிருந்து ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருந்தார்: அம்பயர் தோளில் கை வைத்திருக்கிறார், என்ன அர்த்தம்? எந்தக் கை எந்தத் தோள் என்று பாருங்கள். கையை மடக்கி அதே பக்கத்துத் தோளை விரல் நுனியால் தொட்டால் ஷார்ட் ரன், ஓடிய ரன்னில் ஒன்று கிரீஸைத் தொடாமல் திரும்பியது. இரண்டு கையும் குறுக்காக இரண்டு தோளையும் தொட்டால், முன்பு காட்டிய சிக்னலை அவர் திரும்பப் பெறுகிறார்.

ஒரு கை எதிர்ப்பக்கத் தோளில் இருந்தால் ஐந்து ரன் பெனால்டி. தட்டிக்கொண்டே இருந்தால் பேட்டிங் டீமுக்கு, கையை அப்படியே வைத்திருந்தால் ஃபீல்டிங் டீமுக்கு. அவர் அனுப்பியது இந்த வகைதான், அதுவும் வெயிலில் உறைந்த படம். கையை வைத்து எந்த டீமுக்கு என்று சொல்ல முடியவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில், கீப்பருக்குப் பின்னால் தரையில் வைத்திருந்த ஹெல்மெட் ஒருக்களித்துக் கிடந்தது, பந்து அதன் பக்கத்திலேயே இருந்தது. ஃபீல்டிங் டீமின் ஹெல்மெட்டில் பந்து பட்டால் ஐந்து ரன் பேட்டிங் டீமுக்கு. அவரிடம் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்கச் சொன்னேன், அப்படியேதான் எழுதியிருந்தது.